புது விஷயத்துக்குப் புது மெயில்

"அக்கா, அப்படி ஒரு மெயில் எங்களுக்கு வரவே இல்லைக்கா."

தொலைபேசியில் கப்பல் கம்பெனி அலுவலகத்துப் பெண் இதைச் சொன்னபோது அந்த மெயில் என் திரையில் திறந்துதான் இருந்தது. 13-ம் தேதி, மதியம் 12.40. பெறுநர் வரிசையில் அவர்களுடைய முகவரிதான் முதலில். திரும்பி வரவும் இல்லை. இரண்டு நாள் கழித்து நினைவூட்டல் வேறு போட்டிருந்தேன்.

"இல்லைம்மா, நான் அனுப்பியிருக்கேன். இதோ முன்னாடிதான் இருக்கு."

"சப்ஜெக்ட் படிங்கக்கா."

படித்தேன். ஐ.ஜி.எம். திருத்தம் என்று இருந்தது. அதற்கு முன்னால் மூன்று "Re:".

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. "அது 9-ம் தேதியே க்ளோஸ் ஆயிடுச்சேக்கா. அதுக்குள்ளயா ஃப்ரீ டேஸ் கேட்டீங்க?"

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மெயில் போனது, அவர்கள் கணினிக்குள்ளும் சேர்ந்தது. பார்க்க வேண்டியவர் கண்ணில்தான் படவில்லை. அதற்குக் காரணம் ரிப்ளை பொத்தானை நான் அழுத்தியதுதான். இந்த விஷயத்தைப் பிறகு தோண்டித் துருவிப் பார்த்தேன். நம் ஊரில் என்னைப் போல நாள் முழுக்க மெயிலோடு மல்லுக்கட்டும் பலருக்கு இது தெரிந்திருக்காது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் பாரிமுனைக்குப் பக்கத்தில், செகண்ட் லைன் பீச்சில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். வீடு தண்டையார்பேட்டை. துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னருக்குச் சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் படிவம் போடுவது, கப்பல் கம்பெனியிடம், நாங்கள் 'லைன்' என்போம், சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர் வாங்குவது, கண்டெய்னர் கிடங்கான சி.எஃப்.எஸ்.ஸிலிருந்து சரக்கை வெளியே எடுப்பது, இதுதான் வேலை. இதில் முக்கால்வாசி மெயில்தான். லைனுக்கு மெயில், சி.எஃப்.எஸ்.ஸுக்கு மெயில், லாரிக்காரருக்கு, சரக்குக்குச் சொந்தக்காரரான பார்ட்டிக்கு மெயில்.

கண்டெய்னர் என்பது லைனுடைய பெட்டி. சரக்கை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் குறிப்பிட்ட நாள் வரை வாடகை கேட்க மாட்டார்கள். அதுதான் ஃப்ரீ டேஸ். அந்த நாள் தாண்டினால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் டிடென்ஷன். சுங்கத்தில் தாமதமாகும் போலத் தெரிந்தால் ஃப்ரீ டேஸ் முடிவதற்கு முன்பே, இன்ன காரணம், இத்தனை நாள் கூட்டிக் கொடுங்கள் என்று லைனிடம் கேட்போம். பல சமயம் கொடுப்பார்கள். முடிந்த பிறகு கேட்டால் கொடுப்பது அபூர்வம்.

போன வருடம் ஜூன் மாதம் மணலிப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு இரண்டு நாற்பதடிப் பெட்டி பிளாஸ்டிக் குருணை வந்தது. லைன் சுங்கத்துக்குக் கொடுத்த சரக்குப் பட்டியலில், அதாவது ஐ.ஜி.எம்.மில், கம்பெனி பெயரில் ஓர் எழுத்து தப்பு. அதைத் திருத்தச் சொல்லி மாதத் தொடக்கத்தில் ஒரு மெயில் போட்டேன். அவர்கள் ஆவணம் கேட்டார்கள், கொடுத்தேன். கட்டணம் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். இப்படியே மெயில் மேல் மெயிலாக 17 சேர்ந்தது. 9-ம் தேதி "திருத்தம் முடிந்தது" என்று பதில் வந்தது. நானும் நன்றி சொல்லி ஒரு வரி போட்டேன். விஷயம் முடிந்தது.

பெட்டி இறங்கியது 3-ம் தேதி. ஃப்ரீ டேஸ் 14. இறங்கிய நாளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 16-ம் தேதியோடு முடிகிறது. 12-ம் தேதி சரக்கைப் பார்த்த சுங்க அதிகாரி, குருணையில் கொஞ்சம் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். ரிப்போர்ட் வரும் வரை சரக்கு வெளியே வராது. ஒரு வாரம் ஆகலாம். சரி, ஃப்ரீ டேஸ் கேட்டு வைத்துவிடுவோம் என்று 13-ம் தேதி உட்கார்ந்தேன்.

அந்த நிமிடம் நான் என்ன செய்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. தேடல் பெட்டியில் பி.எல். எண்ணை, அதாவது லைன் கொடுக்கும் சரக்கு ரசீதின் எண்ணை, போட்டேன். அந்த 17 மெயில் தொடர் மேலே வந்தது. லைனுடைய முகவரி, அவர்கள் மேனேஜர், பார்ட்டி, எங்கள் மேனேஜர் அண்ணன் என எல்லாருடைய முகவரியும் அதில் தயாராக இருந்தது. கடைசி மெயிலில் ரிப்ளை ஆல் அழுத்தி, "மாதிரி பரிசோதனைக்குப் போயிருக்கிறது, ஏழு நாள் கூடுதலாகத் தேவை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். முகவரி தேடும் வேலை மிச்சம். நம்மில் முக்கால்வாசிப் பேர் பழைய மெயிலுக்குள்ளேயே புது விஷயத்தை எழுதுவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். விஷயம் தொடர்கிறது என்பதற்காக இல்லை, முகவரி அங்கே கிடக்கிறது என்பதற்காக.

15-ம் தேதி அதன் மேலேயே ஒரு நினைவூட்டல். 18-ம் தேதி டெலிவரி ஆர்டரை நீட்டிக்கப் போன எங்கள் பையன் டிடென்ஷன் பில்லோடு திரும்பி வந்தான். அப்போதுதான் போன் போட்டேன்.

லைன் அலுவலகத்தில் என்ன நடந்தது என்பதை அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். பெரிய அலுவலகங்களில் நாம் எழுதும் முகவரி ஓர் ஆளுடையது இல்லை. பத்துப் பேர் பார்க்கும் பொதுப் பெட்டி அது. உள்ளே வரும் ஒவ்வொரு புது மெயிலுக்கும் மென்பொருள் ஓர் எண் போடும். அந்த எண்ணோடு விஷயம் ஒரு மேசைக்குப் போகும். ஐ.ஜி.எம். ஒரு மேசை, டெலிவரி ஆர்டர் ஒரு மேசை, ஃப்ரீ டேஸ் வேறு மேசை. வேலை முடிந்ததும் அந்த எண்ணை மூடிவிடுவார்கள். பிறகு அந்தத் தொடரில் நாம் என்ன எழுதினாலும் மென்பொருள் அதைப் புதிதாக எண்ணாது. மூடிய எண்ணோடு கொண்டுபோய்ச் சேர்க்கும், பழைய மேசைக்கே. சில இடங்களில் மூடியது மறுபடி திறந்துகொள்ளும். அவர்கள் அலுவலகத்தில் அப்படி இல்லை. ஐ.ஜி.எம். மேசையில் இருந்தவர் என் மெயிலைப் பார்த்திருந்தாலும், பட்டியலில் அவருக்குத் தெரிந்தது "Re: ஐ.ஜி.எம். திருத்தம்" என்கிற தலைப்புதான். நன்றி சொல்லி இன்னொரு வரி வந்திருக்கிறது என்று நினைக்க எல்லா நியாயமும் இருக்கிறது.

அவர் சொன்னபடி அன்றைக்கே புது மெயில் போட்டேன். சரியான மேசைக்குப் போயிற்று, மாலைக்குள் பதிலும் வந்தது. ஆனால் ஃப்ரீ டேஸ் முடிந்துவிட்டதே. 20-ம் தேதி ரிப்போர்ட், 21-ம் தேதி சுங்க அனுமதி, 22-ம் தேதி காலிப் பெட்டி திரும்பியது. 17 முதல் 22 வரை ஆறு நாள். பெட்டிக்கு ஒரு நாளைக்கு 4,500 ரூபாய், இரண்டு பெட்டி. 54,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 13-ம் தேதி மெயிலையும் 15-ம் தேதி நினைவூட்டலையும் காட்டிக் கெஞ்சியதில் மூன்று நாளைத் தள்ளுபடி செய்தார்கள். மீதி 27,000, வரியோடு 31,860 ரூபாய். பார்ட்டி கட்ட மாட்டேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் அலுவலகம் கட்டியது.

மேனேஜர் அண்ணன் திட்டவில்லை. "சப்ஜெக்டை மாத்திப் போட்டிருந்தா சரியாப் போயிருக்கும்ல" என்று மட்டும் கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதுவும் பாதிதான் சரி என்பது பிறகு தெரிந்தது.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து என்னுடைய இரண்டு மெயில் கணக்குகளை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றை ஜிமெயில் வலைப்பக்கத்தில் திறந்தேன். இன்னொன்றைத் தண்டர்பேர்டு என்கிற மெயில் மென்பொருளில். தண்டர்பேர்டிலிருந்து ஒரு பழைய மெயிலுக்கு ரிப்ளை அழுத்தி, தலைப்பை முழுக்க அழித்துப் புதுத் தலைப்பு எழுதினேன். கீழே இருந்த பழைய எழுத்தையெல்லாம் அழித்தேன். பார்வைக்கு அது சுத்தமான புது மெயில். இரண்டு கணக்குக்கும் அனுப்பினேன்.

ஜிமெயிலில் அது தனியாக, புதுத் தொடராக வந்து நின்றது. தண்டர்பேர்டில் அதே மெயில் பழைய தொடருக்கு அடியில், உள்ளே தள்ளி, பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. பழைய தொடரைச் சுருக்கி வைத்தால் அது கண்ணுக்கே தெரியவில்லை.

ஏன் என்று பார்க்க, ஜிமெயிலில் மெயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி Show original திறந்தேன். தண்டர்பேர்டில் கன்ட்ரோல், யு இரண்டையும் அழுத்தினால் இதே வரும். நாம் எழுதியதற்கு மேலே நம் கண்ணுக்குக் காட்டாத நிறைய வரிகள் இருக்கும். அவற்றில் நமக்குத் தேவை நான்குதான். முகவரிகளை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்:

```
Subject: Free time extension request
Message-ID: <m18@example.com>
In-Reply-To: <m17@example.com>
References: <m1@example.com> <m2@example.com> <m17@example.com>
```

ஒவ்வொரு மெயிலுக்கும் அனுப்பும்போதே உலகத்தில் வேறெந்த மெயிலுக்கும் இல்லாத ஓர் எண் போடப்படுகிறது. அதுதான் Message-ID. ரிப்ளை அழுத்தியதும் மென்பொருள், எந்த மெயிலுக்குப் பதில் எழுதுகிறோமோ அதனுடைய எண்ணை In-Reply-To வரியில் எழுதிக்கொள்கிறது. References வரியில் அதற்கு முந்தைய மெயில்களின் எண்களையும் கோத்து எழுதுகிறது. இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. மெயிலுக்கான விதிகளை எழுதி வைத்த 1982-ம் ஆண்டு ஆவணத்திலேயே இந்த இரண்டு வரிகளும் உண்டு. எப்படி நிரப்ப வேண்டும் என்பதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது 2008-ல் வந்த ஆர்.எஃப்.சி. 5322 என்கிற விதி ஆவணம்.

நான் அழித்தது தலைப்பையும் எழுத்தையும். இந்த எண்களைக் கோத்த கயிறு அறுபடவே இல்லை. தண்டர்பேர்டு கயிற்றைப் பிடித்துத் தொடர் கட்டுகிறது, அதனால் என் மெயில் பழையதன் அடியில் போனது. ஜிமெயில் தலைப்பையும் சேர்த்துப் பார்க்கிறது. தலைப்பு மாறினால் தொடரைப் பிரித்துவிடும். ஒரு தொடரில் மெயில்கள் நூறைத் தாண்டினாலும் பிரிக்கும். லைன் அலுவலகம் போன்ற இடங்களில் இருக்கும் எண் போடும் மென்பொருள்களில் சில தலைப்பில் உள்ள எண்ணைப் பார்க்கும், சில இந்தக் கயிற்றைப் பார்க்கும், சில இரண்டையும். எதிரில் இருப்பவர் எதை வைத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே தலைப்பை மாற்றினால் போதும் என்பது, என் திரையில் பிரிந்து தெரிந்தால் அவர் திரையிலும் பிரிந்து தெரியும் என்கிற நம்பிக்கைதான். கயிறே இல்லாமல் அனுப்ப ஒரே வழி கம்போஸ் அழுத்தித் தொடங்குவது.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா நினைவு வந்தது. ராஜாஜி சாலையில் கலெக்டர் அலுவலகத்துக்கு, அதாவது சிங்காரவேலர் மாளிகைக்கு, வெளியே உட்கார்ந்து பல வருடம் மனு எழுதிக் கொடுத்தவர். சின்ன வயதில் லீவு நாளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அரசு அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் மேலே இரண்டு வரி உண்டு. 'பொருள்:' என்று ஒன்று, 'பார்வை:' என்று ஒன்று. பொருளில் இன்றைக்கு என்ன கேட்கிறோம் என்பது வரும். பார்வையில் இதற்கு முன் நடந்த கடிதப் போக்குவரத்தின் எண்ணும் தேதியும் வரும். பட்டாவுக்கு எழுத வந்த அம்மா ஒருவர் அப்படியே முதியோர் உதவித்தொகையையும் அதிலேயே எழுதிவிடச் சொன்னார். அப்பா மறுத்துவிட்டார். "அது வேற செக்‌ஷன்மா. ஒண்ணாப் போட்டா பட்டா பாக்குறவன் பட்டாவ மட்டும் எடுத்துட்டு ஃபைல்ல கட்டிருவான். உன் பென்ஷன் அதுக்குள்ளயே கிடக்கும்" என்று சொல்லி இன்னொரு தாள் எடுத்தார். அந்த அம்மா இரண்டு மனுவுக்கும் காசு கொடுக்க வேண்டுமே என்று தயங்கினார். இரண்டாவதற்கு அப்பா வாங்கவில்லை.

மெயிலில் இருக்கும் Subject நம் 'பொருள்' வரி. References நம் 'பார்வை' வரி. தலைப்பில் வரும் "Re:" கூட 'இந்த விஷயம் குறித்து' என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான் என்று அதே ஆர்.எஃப்.சி. சொல்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். காகிதத்தில் பார்வை எழுதினால் புதுக் கடிதம் பழைய ஃபைலைச் சுட்டிக் காட்டும், அதற்குள் போய் விழாது. மெயிலில் ரிப்ளை அழுத்தினால் அது பழைய ஃபைலுக்குள் கட்டியே அனுப்பப்படுகிறது. ஆகவே மெயிலில் பார்வையை மென்பொருளிடம் விடக் கூடாது. நாமே கையால், மெயிலின் முதல் வரியில் எழுத வேண்டும்.

இப்போது நான் எழுதும் முறை இதுதான். கம்போஸ் அழுத்துகிறேன். தலைப்பில் முதலில் என்ன வேண்டும் என்பது, அடுத்து பி.எல். எண், கடைசியில் எந்தத் தேதிக்குள் என்பது. பி.எல். எண்ணை முதலில் போட்டால் அதே எண்ணோடு பத்துத் தலைப்பு வரிசையாக நிற்கும்போது கண் வித்தியாசம் காணாது. கைப்பேசியில் தலைப்பு பாதியில் வெட்டப்படும் என்பதாலும் கோரிக்கைதான் முன்னால் வர வேண்டும். ஜூன் மாத விஷயத்தை இப்படி எழுதியிருக்க வேண்டும்:

```
Subject: Free time extension / BL 000000 / 2x40 / expires 16 June

Ref: IGM amendment for the same BL, closed on 9 June.
This is a separate request.
```

பி.எல். எண் தலைப்பில் இருப்பதால் பிறகு யார் தேடினாலும் இரண்டு தொடரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். பிரித்தால் வரலாறு சிதறிவிடும் என்று மேனேஜர் அண்ணன் முதலில் கவலைப்பட்டார். எண் ஒன்றாக இருந்தால் சிதறாது. பழைய மெயிலில் இருந்து அவர்களுக்குத் தேவையானது ஏதாவது இருந்தால், அந்த ஒரு பத்தியையோ அந்த ஒரு பி.டி.எஃப்.ஐயோ மட்டும் சேர்க்கிறேன். 17 மெயிலையும் வாலாக இழுத்துக்கொண்டு போவதில்லை.

அந்த வாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இன்னொரு பையன், லாரிக்காரரோடு வாடகை பேசிய தொடரிலேயே பார்ட்டியின் முகவரியைச் சேர்த்து, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று எழுதி அனுப்பினான். மேலே இரண்டு வரிதான். கீழே லாரிக்காரர் எங்களுக்குச் சொன்ன வாடகையும், நாங்கள் பேரம் பேசியதும், பார்ட்டியிடம் எவ்வளவு வாங்கலாம் என்று அண்ணன் எழுதியதும் அப்படியே இருந்தன. ஜிமெயில் அந்த வாலைச் சிறு மூன்று புள்ளியாகச் சுருக்கிக் காட்டுவதால் எழுதுகிறவன் கண்ணுக்கு அது இல்லாதது போலவே இருக்கும். பெறுகிறவர் ஒரு முறை அழுத்தினால் எல்லாம் விரியும். பார்ட்டி அழுத்தினார்.

சி.சி.யும் அப்படித்தான். பழைய தொடரில் இருந்த எல்லாருக்கும் புது விஷயம் தேவையா என்று ரிப்ளை ஆல் யோசிக்க விடாது. புது மெயிலில் ஒவ்வொரு முகவரியையும் நாமே போட வேண்டியிருப்பதால், இவருக்கு எதற்கு என்ற கேள்வி தானாக வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஜூன் மாதத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் நான் அதைத்தான் செய்தேன். எதற்கெடுத்தாலும் புது மெயில். நினைவூட்டலுக்கும் புது மெயில், அவர்கள் கேட்ட ஆவணத்தை அனுப்பவும் புது மெயில். அதே லைன் பெண் போன் போட்டு, "அக்கா, ஒரே டெலிவரி ஆர்டருக்கு மூணு நம்பர் ஓடுதுக்கா. மூணு பேர் பார்க்கிறாங்க. ஒருத்தர் டாக்குமெண்ட் வரலைன்னு நிறுத்தி வெச்சிருக்கார், அது இன்னொரு நம்பர்ல கிடக்கு" என்றார். நினைவூட்டல் பழைய மெயில் மேலேயேதான் போக வேண்டும். முதலில் எப்போது கேட்டோம் என்பதற்கு அந்தத் தொடர்தான் சாட்சி. மூன்று நாள் தள்ளுபடி கிடைத்ததே, அது கூட 13-ம் தேதியும் 15-ம் தேதியும் ஒரே தொடரில் அடுத்தடுத்து இருந்ததால்தான். தவறான தொடர் என்றாலும், கேட்டது உண்மை என்பதை அது காட்டியது.

எது தொடர்ச்சி, எது புதுசு என்று முடிவு செய்ய இப்போது என்னிடம் ஒரே கேள்விதான். பழைய தொடரில் கேட்டதற்கு அவர்கள் முழுசாகப் பதில் சொல்லிவிட்டால், நான் இப்போது எழுதப் போவதற்கும் பதில் கிடைத்துவிடுமா? கிடைத்துவிடும் என்றால் ரிப்ளை. ஐ.ஜி.எம்.மைத் திருத்திவிட்டீர்களா என்று கேட்பது அப்படி. கிடைக்காது என்றால் கம்போஸ். ஐ.ஜி.எம். எவ்வளவு சரியாகத் திருத்தப்பட்டாலும் என் பெட்டிக்கு ஒரு நாள் கூடக் கூடப்போவதில்லை. பார்ட்டி ஒன்று, கப்பல் ஒன்று, பி.எல். ஒன்று, ஆனால் கேள்வி இரண்டு.

சில சமயம் எதிராளியே பழைய தொடரில் புதுக் கேள்வியைப் போடுவார். அங்கே பாதிப் பதிலும் இங்கே பாதிப் பதிலுமாக எழுதினால் குழப்பம் கூடும். அப்போது பழைய தொடரில் ஒரு வரி மட்டும் எழுதுகிறேன்: இதற்குத் தனி மெயில் அனுப்புகிறேன், அங்கே பேசிக்கொள்வோம். அப்புறம் உடனே புது மெயில், அவர் கேள்வியை அப்படியே நகலெடுத்து மேலே வைத்து, அதற்குக் கீழே பதில். இதைச் சொல்லாமல் பிரித்தால் அவர் பழைய இடத்திலேயே காத்துக்கொண்டிருப்பார்.

முகவரிப் பிரச்சினைக்கு வருகிறேன், ஏனென்றால் ஆரம்பக் காரணம் அதுதான். ரிப்ளை அழுத்தாதே என்று சொல்லிவிட்டு முகவரியைத் தேடி அலைய விட்டால், வேலை நெருக்கடியில் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். ஆகவே ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து, நாங்கள் பழகும் ஒவ்வொரு லைனுக்கும் எந்த மேசைக்கு எந்த முகவரி என்று போன் போட்டுக் கேட்டுத் தொடர்புப் பட்டியலில் ஏற்றினேன். பெயரை மேசையின் பெயராகவே வைத்தேன்: லைன் பெயர், ஒரு சிறு கோடு, ஃப்ரீ டேஸ். லைன் பெயர், கோடு, ஐ.ஜி.எம். இப்போது பெறுநர் கட்டத்தில் லைன் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டினால் மேசைகள் வரிசையாக இறங்குகின்றன. எந்த மேசை என்று தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நொடியில், இது எந்த விஷயம் என்பதும் முடிவாகிவிடுகிறது. கேட்கும்போதுதான் தெரிந்தது, இரண்டு லைன்களில் ஃப்ரீ டேஸுக்குத் தனி முகவரியே இருந்திருக்கிறது. ஜூனில் நான் எழுதியது அந்த முகவரிக்கு இல்லை.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், காசிமேட்டுப் பையன், முதல் நாளே பழைய தொடர் ஒன்றைத் திறந்து ரிப்ளை ஆல் மேல் கையை வைத்தார். "என்னப்பா கேட்கப் போற?" என்றேன். டெலிவரி ஆர்டர் என்றார். தொடரின் தலைப்பைப் பார்த்தேன். சரக்கு எப்போது வரும் என்று விசாரித்தது, கப்பல் வந்து நான்கு நாளாகிறது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, பட்டியலைத் திறந்து காட்டினேன். மூன்று எழுத்துத் தட்டினார். ஐந்து மேசை இறங்கியது.

"இதுல எதுக்கா?"

"நீயே சொல்லு."

டெலிவரி ஆர்டர் என்று எழுதியிருந்ததைத் தொட்டார். தலைப்புக் கட்டம் காலியாக இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று கேட்காமலேயே பி.எல். தாளைக் கையில் எடுத்தார்.